03/04 எந்த மாதம்? நாடு தாண்டிப் போகும் கெடு தேதிகளைச் சரிபார்ப்பது

நான்கு நாடுகளில் இருப்பவர்கள் சேர்ந்து ஓர் அறிக்கை தயாரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருங்கிணைப்பவர் இந்தியாவில் இருக்கிறார், மற்றவர்கள் நியூயார்க்கிலும் லண்டனிலும் ரியாத்திலும். 2026 பிப்ரவரி 20 அன்று ஒருங்கிணைப்பாளர் இப்படி ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறார். இன்னும் அனுப்பவில்லை.

> அறிக்கையின் வரைவை இணைத்திருக்கிறேன். உங்கள் திருத்தங்கள் 03/04/2026 மாலை 6 மணி இ.எஸ்.டி.க்குள் வேண்டும். அன்று நள்ளிரவு 12 மணிக்குக் கோப்பைப் பூட்டிவிடுவோம். அதிலிருந்து 3 வேலை நாளுக்குள் இறுதி வடிவம் கிடைக்கும். செவ்வாய்க் கூட்டம் வழக்கம்போல் நடக்கும்.

படிக்கும்போது எங்கும் இடறவில்லை. தேதி, மணி, நேர மண்டலம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் முதல் வாக்கியத்தைத் தவிர மற்ற நான்கும் ஊருக்கு ஊர் வேறு பொருள் தருகின்றன. இப்படிப்பட்ட குழப்பத்தை யாரும் கேள்வியாகக் கேட்க மாட்டார்கள். புரியாத வாக்கியம் என்றால் பதில் போட்டு விளக்கம் கேட்பார்கள். இங்கே ஒவ்வொருவருக்கும் தெளிவாகவே புரிகிறது, விடுபட்டதைத் தங்கள் ஊர் வழக்கத்தை வைத்து நிரப்பிக்கொள்கிறார்கள். அதனால் பதில் கடிதம் எதுவும் வராததை வைத்து எல்லாம் சரி என்று முடிவுகட்ட முடியாது. அனுப்புவதற்கு முன்பே வரைவில் தேடிப் பிடித்தாக வேண்டும்.

முதலில் 03/04/2026. எழுதியவர் நினைத்தது ஏப்ரல் 3. அமெரிக்கர் மாதத்தை முதலில் வைத்துப் படிப்பார், அவருக்கு இது மார்ச் 4. கடிதம் போகும் நாளில் இரண்டுமே எதிர்காலத் தேதிகள். மார்ச் 4-க்கு இன்னும் 12 நாள் இருக்கிறது, திருத்தம் அனுப்ப அது நம்பத்தக்க அவகாசம்தான். எனவே நியூயார்க் நண்பர் சந்தேகப்படாமல் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு உட்காருவார். இந்தத் திசையில் தவறு நடந்தால் ஒருவரின் தூக்கம் மட்டும் கெடும். எழுதியவர் நியூயார்க்காரர், மனதில் இருந்தது மார்ச் 4 என்றால் கதை வேறு: மற்ற மூவரும் ஒரு மாதம் பிந்தி அனுப்புவார்கள்.

மாதத்தின் 13-ஆம் தேதி முதல் இந்தச் சிக்கல் இல்லை, 25/04 என்பதை யாரும் வேறு மாதிரி படிக்க முடியாது. 1 முதல் 12 வரையான தேதிகளில், 05/05 போல இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பவற்றைக் கழித்தால், ஆண்டுக்கு 132 நாட்கள் இரண்டு விதமாகப் படிக்கக் கூடியவை. மாதத்தின் பின்பாதியில் வரும் கெடுக்கள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருப்பதால் நம் வழக்கம் சரிதான் என்ற நம்பிக்கை வந்துவிடும், முன்பாதியில் வரும் ஒரு கெடு அதை உடைக்கும்.

மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் போதும்: 3 ஏப்ரல் 2026. கோப்புப் பெயரிலும் அட்டவணையிலும் ஐஎஸ்ஓ 8601 தரத்தின்படி 2026-04-03 என்று ஆண்டை முன்னால் வைக்கலாம். அதோடு கிழமையையும் சேர்ப்பது நல்லது. கிழமை அலங்காரத்துக்கு இல்லை, அது ஒரு சரிபார்ப்பு. ‘03/04/2026 வெள்ளி’ என்று இருந்திருந்தால்கூட நியூயார்க் நண்பர் நாட்காட்டியைப் பார்த்து, மார்ச் 4 புதன்கிழமை ஆயிற்றே என்று கேட்டிருப்பார். சரிபார்ப்பவருக்கும் இது உதவும். ‘3 ஏப்ரல் 2026, வியாழன்’ என்று வரைவில் இருந்தால், போன வருடக் கடிதத்தைப் பிரதி எடுத்து ஆண்டை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். 2025-இல்தான் ஏப்ரல் 3 வியாழன். தேதியும் கிழமையும் பொருந்தவில்லை என்றால் எது சரி என்று ஊகிக்க வேண்டாம், எழுதியவரையே கேளுங்கள்.

விரிதாள் இணைப்பாகப் போகிறது என்றால் ஒரு தொல்லை கூடுதலாக உண்டு. நாள் முதலில் வரும் பட்டியலை அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினியில் திறந்து இறக்கினால், 03/04 சத்தமில்லாமல் மார்ச் 4 ஆகிவிடும். 25/04-ஐ அதனால் தேதியாக ஏற்க முடியாது, வெறும் எழுத்தாக விட்டுவிடும். கண்டுபிடிப்பது எளிது: ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால், இடப்பக்கம் நிற்பவை எழுத்தாகத் தங்கியவை. அவை பெரும்பாலும் பிழையில்லாதவை. ஒழுங்காக வலப்பக்கம் நிற்கும் தேதிகளைத்தான் நம்பக் கூடாது.

அடுத்தது ‘மாலை 6 மணி இ.எஸ்.டி.’ நேர மண்டலத்தையே குறிப்பிட்டாயிற்று, இதில் என்ன குறை? இ.எஸ்.டி. என்பது அமெரிக்கக் கிழக்குப் பகுதியின் குளிர்கால நேரம், யுடிசி எனும் உலகப் பொது நேரத்துக்கு 5 மணி நேரம் பின்னால். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை நியூயார்க் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்திக் கோடை நேரத்தில் இருக்கும், அது யுடிசிக்கு 4 மணி நேரம்தான் பின்னால், அதன் பெயர் இ.டி.டி. 2026-இல் மாற்றம் மார்ச் 8 அன்று. ஆக, ஏப்ரல் 3 அன்று நியூயார்க்கில் யாரும் இ.எஸ்.டி.யில் இல்லை. பிப்ரவரியில் எழுதுபவர் அன்றைய பழக்கத்தில் அந்த மூன்றெழுத்தைப் போட்டுவிட்டார்.

நியூயார்க்கில் இருப்பவர் தன் கடிகாரத்தில் மாலை 6 என்று எடுத்துக்கொள்வார். எழுத்தை எழுத்தாகவே எடுத்துக்கொள்பவர், அல்லது அப்படி எடுத்துக்கொள்ளும் ஒரு மாற்றுக் கருவி, நியூயார்க் கடிகாரத்தில் 7 மணி என்று கணக்கிடும். லண்டனில் ஒரு கணக்குக்கு வெள்ளி இரவு 11 மணி, மற்றதுக்கு சரியாக வெள்ளி முடிந்து சனி பிறக்கும் நேரம். ஒரு மணி நேர வித்தியாசம் தேதியையே மாற்றிவிட்டது.

சுருக்க எழுத்துகளை நான் வரைவில் விட்டுவைப்பதே இல்லை. ஐ.எஸ்.டி. என்றால் நமக்கு இந்திய நேரம், அயர்லாந்துக்காரருக்கு அவர்களுடைய கோடை நேரம், இஸ்ரேலுக்கு அவர்களுடைய நேரம். சி.எஸ்.டி. அமெரிக்க மத்தியப் பகுதிக்கும் சீனாவுக்கும் பொது, இரண்டுக்கும் இடையே 14 மணி நேரம். ‘நியூயார்க் நேரம்’ என்று ஊர்ப் பெயரைப் போட்டால், அந்த நாளில் அங்கே குளிர்காலக் கணக்கா கோடைக் கணக்கா என்ற கேள்வியே எழாது. கணினிக்குச் சொல்லும்போதும் `America/New_York`, `Asia/Kolkata` என்று ஊர்ப் பெயரையே கொடுக்க வேண்டும்.

இப்போது மூன்றாவது வாக்கியம். ‘அன்று நள்ளிரவு 12 மணிக்குக் கோப்பைப் பூட்டிவிடுவோம்.’ இந்த வரைவில் ஆபத்தானது இதுதான்.

நள்ளிரவு 12 என்பது ஒரு நாளின் முடிவும் அடுத்த நாளின் தொடக்கமும். ‘ஏப்ரல் 3 நள்ளிரவு 12’ என்றால் பேச்சு வழக்கில் 3-ஆம் தேதி ராத்திரி. கணினியில் அதே தேதியோடு 00:00 என்று இட்டால், 2-ஆம் தேதி ராத்திரி. இது பழைய தகராறு. விமான நேரங்களிலும் ஒப்பந்தங்களிலும் இதைத் தவிர்க்கவே 11:59 அல்லது 12:01 என்று எழுதுவார்கள்.

நம் வரைவில் இன்னொரு சுற்று இருக்கிறது. எந்த ஊர் நள்ளிரவு? ‘பூட்டிவிடுவோம்’ என்பவர் இந்தியாவில் இருக்கிறார், அவருடைய நள்ளிரவு என்றே கொள்ளலாம். இரண்டு கெடுவையும் யுடிசிக்கு மாற்றிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருத்தத்துக்கான கெடு நியூயார்க் வெள்ளி மாலை 6, அதாவது யுடிசி வெள்ளி 22:00. இந்தியாவில் வெள்ளி முடியும் நள்ளிரவு, யுடிசி வெள்ளி 18:30. அப்போது நியூயார்க்கில் பிற்பகல் 2:30. அதாவது, திருத்தம் அனுப்பலாம் என்று சொன்ன நேரம் முடிவதற்கு மூன்றரை மணி நேரம் முன்பே கோப்பு பூட்டப்பட்டுவிடும். ‘6 மணிக்குப் பிறகு நள்ளிரவு’ என்று எழுதியவர் மனதில் ஓடிய வரிசை ஒரே ஊருக்குள் மட்டும்தான் சரி. உண்மையில் நியூயார்க் மாலை 6 மணிக்கு இந்தியாவில் சனிக்கிழமை அதிகாலை 3:30. ‘அன்று’ என்ற சொல் சுட்டும் நாளே அங்கொன்று இங்கொன்று.

நள்ளிரவை நாளின் தொடக்கமாக எடுத்துக்கொண்டால் இன்னும் மோசம், பூட்டு வியாழன் ராத்திரியே விழுந்துவிடும். நியூயார்க்கின் வெள்ளி நள்ளிரவு என்று எடுத்துக்கொண்டால் இந்தியாவில் சனி காலை 9:30. ஒரே சொல்லுக்கு இந்த இரு முனைகளுக்கும் நடுவே 33 மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி.

ஒவ்வொரு தேதியையும் தனித்தனியாகச் சரிபார்த்தால் இந்த மாதிரிப் பிழை தப்பிவிடும். மாலை 6 என்பதில் குறையில்லை, நள்ளிரவைத் திருத்தியாயிற்று, இரண்டும் ஒன்றோடொன்று மோதுவது மட்டும் கண்ணில் படாது. அதனால் வரைவில் இருக்கும் எல்லா நேரங்களையும் யுடிசியில் ஒரு துண்டுக் காகிதத்தில் மேலிருந்து கீழாக எழுதிப் பாருங்கள். எழுதியவர் நினைத்த வரிசையில் அவை வருகின்றனவா? இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

‘3 வேலை நாள்’ என்பதற்கு வருவோம். கோப்பு ஏப்ரல் 3 வெள்ளியன்று பூட்டப்படுகிறது, அந்த நாளைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1971-ஆம் ஆண்டு விதி (1182/71) காலக்கெடுக்களை இப்படித்தான் எண்ணச் சொல்கிறது: நிகழ்வு நடந்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து தொடங்க வேண்டும். எல்லோருக்கும் இது தெரிந்திருக்காது, பூட்டிய நாளையே முதல் நாளாக எண்ணுபவரும் இருப்பார். சரி, அதை விடுவோம். நியூயார்க்கில் சனி, ஞாயிறு விடுமுறை. திங்கள், செவ்வாய், புதன் என்று எண்ணினால் ஏப்ரல் 8. லண்டனில் ஏப்ரல் 6 ஈஸ்டர் திங்கள், பொது விடுமுறை. அங்கே எண்ணினால் ஏப்ரல் 9. ரியாத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், ஞாயிறு வேலை நாள். அங்கே ஏப்ரல் 7. இந்தியாவில் சனிக்கிழமை வேலை உண்டா என்பதைப் பொறுத்து 7 அல்லது 8. எண்ணியவர்கள் யாரும் தப்புக் கணக்குப் போடவில்லை, ஆனாலும் மூன்று தேதிகள்.

எத்தனை நாள் என்று எழுதுவதை விட்டு, எண்ணி முடித்த தேதியை எழுதினால் இது தீரும். எழுதுபவர் ஒருவர் எண்ணினால் போதும், படிப்பவர் நான்கு பேரும் எண்ண வேண்டியதில்லை. தொடக்க நாள் இன்னும் தெரியாதபோது மட்டும் நாட்கணக்கு தவிர்க்க முடியாதது. அப்போது எந்த ஊர் வேலை நாள், முதல் நாள் சேருமா என்ற இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும்.

விடுமுறைப் பட்டியலைப் புரட்டும்போதுதான் இன்னொன்று தெரிகிறது. ஏப்ரல் 3, 2026 புனித வெள்ளி. லண்டன் அலுவலகம் மூடியிருக்கும், இந்தியாவிலும் அரசு விடுமுறை. ரியாத்தில் எந்த வெள்ளியும் விடுமுறைதான். நான்கு ஊர்களில் மூன்றில் ஆள் இல்லாத நாளைக் கெடுவாக வைத்திருக்கிறோம். தேதியை எவ்வளவு தெளிவாக எழுதினாலும் இது சரியாகாது, கெடுவையே நகர்த்த வேண்டும். அந்த முடிவு கெடு வைத்தவருடையது. சரிபார்ப்பவர் கேள்வியாக எழுப்பலாம், தானே மாற்றக் கூடாது.

செவ்வாய்க் கூட்டம் ‘வழக்கம்போல்’. இப்போது இந்திய நேரம் இரவு 7:30, நியூயார்க்கில் காலை 9, லண்டனில் பிற்பகல் 2. இந்திய நேரத்தை நிலையாக வைத்தால், மார்ச் 10 கூட்டம் நியூயார்க்கில் 10 மணிக்கு வரும். லண்டனில் அன்றும் 2 மணிதான், ஏனென்றால் பிரிட்டனில் கடிகாரம் மாறுவது மார்ச் கடைசி ஞாயிறு, இந்த முறை 29. மார்ச் 31 கூட்டத்தில்தான் லண்டன் 3 மணிக்குப் போகிறது. இடைப்பட்ட மூன்று செவ்வாய்களில் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் உள்ள வித்தியாசம் வழக்கமான 5 மணி இல்லை, 4 மணி. நியூயார்க் 9 மணியை நிலையாக வைத்தாலோ, இந்தியாவில் கூட்டம் 6:30-க்கு வந்துவிடும். நாட்காட்டி அழைப்பை எந்த ஊர்க்காரர் உருவாக்கினாரோ அந்த ஊர் நேரம் பெரும்பாலும் நிலையாக நிற்கும், மற்றவர்களுக்கு நகரும். அது யாருடையது என்பது பல குழுக்களில் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. மார்ச் மாதத்திலும், அக்டோபர் கடைசியில் ஐரோப்பா ஒரு வாரம் முந்திக்கொள்ளும்போதும், ‘வழக்கம்போல்’ என்ற சொல்லைக் கண்டால் நின்று கேட்க வேண்டும்.

கெடு வைத்தவர் வியாழனுக்கு மாற்றச் சம்மதித்தார் என்று கொண்டால், வரைவு இப்படி ஆகலாம்:

> அறிக்கையின் வரைவை இணைத்திருக்கிறேன். உங்கள் திருத்தங்கள் எங்களுக்கு வந்து சேர வேண்டிய கடைசி நேரம் 2 ஏப்ரல் 2026, வியாழன், 14:00 யுடிசி (நியூயார்க் காலை 10:00, லண்டன் பிற்பகல் 3:00, ரியாத் மாலை 5:00, இந்தியா இரவு 7:30). அன்றே 15:00 யுடிசிக்குக் கோப்பைப் பூட்டிவிடுவோம். இறுதி வடிவம் 9 ஏப்ரல் 2026, வியாழன், 14:00 யுடிசிக்குள் கிடைக்கும். செவ்வாய்க் கூட்டம் எப்போதும் இந்திய நேரம் இரவு 7:30-க்கு. எனவே நியூயார்க்கில் மார்ச் 10 முதல் காலை 10:00, லண்டனில் மார்ச் 31 முதல் பிற்பகல் 3:00.

கொஞ்சம் நீளம்தான். நான்கு ஊர் நேரத்தையும் எழுதுவதில் ஒரு வசதி உண்டு: ஒன்று தப்பானால் அந்த ஊர்க்காரர் யுடிசியோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடுவார். முரண்பட்டால் எது செல்லும் என்று தெரிய வேண்டும் என்பதால் ஒரு நேரத்தை முதலில் வைத்து, மற்றதை அடைப்புக்குள் போடுகிறோம். ‘வந்து சேர வேண்டிய’ என்பதும் தற்செயலாக வந்ததில்லை. அனுப்பிய நேரமா, கிடைத்த நேரமா என்ற வாதம் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் எழும்.

ஊர் நேரங்களை மனக்கணக்காகப் போட வேண்டாம். லினக்ஸில் இருக்கும் `date` கட்டளையே அந்தத் தேதியில் கோடை நேரம் உண்டா என்று பார்த்துச் சொல்லிவிடும்:

```
for z in Asia/Kolkata Asia/Riyadh Europe/London America/New_York; do
  TZ=$z date -d '2026-04-02T14:00Z' '+%F %a %R'
done
```

‘இப்போது லண்டனில் மணி என்ன’ என்று தேடிப் பார்த்து வித்தியாசத்தை எடுத்துக்கொள்வது வேறு விஷயம், அது இன்றைய வித்தியாசம். பிப்ரவரியில் பார்த்தால் பிப்ரவரிக்கு உரியது கிடைக்கும். கெடு விழும் நாளைக் கொடுத்துத்தான் மாற்ற வேண்டும்.

இந்தக் கட்டளையும் தன்னிடம் இருக்கும் விதிப் பட்டியலை நம்பியே பேசுகிறது. அந்த விதிகளை அரசாங்கங்கள் திடீரென்று மாற்றுவதுண்டு. 2023 மார்ச்சில் லெபனான் அரசு கோடை நேரத்தைத் தள்ளிவைப்பதாகக் கடைசி நேரத்தில் அறிவிக்க, சில நிறுவனங்கள் ஏற்க மறுத்ததால் சில நாட்கள் ஒரே நாட்டில் இரண்டு நேரங்கள் ஓடின. பிறகு அரசே முடிவைத் திரும்பப் பெற்றது. மெக்சிகோவின் பெரும்பகுதி 2022-இல் கோடை நேரத்தையே கைவிட்டது. அதனால் ஒருமுறை மட்டும் வரும் கெடுவுக்கு யுடிசி நல்லது, யார் கடிகாரத்தை மாற்றினாலும் அந்தக் கணம் நகராது. ஓர் ஊரில் ஆட்கள் நேரில் கூடும் நிகழ்ச்சி, அதுவும் பல மாதம் கழித்து என்றால், அந்த ஊர் நேரத்தையும் ஊர்ப் பெயரையும் முதன்மையாக வைக்க வேண்டும். யுடிசியில் பதிந்துவைத்தால், விதி மாறும் நாளில் அரங்கக் கதவு ஒரு நேரத்திலும் அழைப்பிதழ் வேறு நேரத்திலும் இருக்கும்.

கல்வி மாநாடுகளில் ‘பூமியில் எங்கும்’ என்ற பெயரில் ஒரு கெடு முறை உண்டு, யுடிசிக்கு 12 மணி நேரம் பின்னால் இருக்கும் மண்டலத்தை வைத்து அது கணக்கிடப்படும். உங்கள் ஊரில் அந்தத் தேதி முடியவில்லை என்றால் கெடுவும் முடியவில்லை என்று நிம்மதியாக இருக்கலாம். முகம் தெரியாத ஆயிரம் பேரிடம் கட்டுரை கேட்பதற்கு அது பொருத்தம். நான்கு பேர் குழுவில், அடுத்த வேலையை ஒருவர் தொடங்கக் காத்திருக்கும்போது, ஏப்ரல் 2 என்று சொன்ன கெடு இந்தியாவில் ஏப்ரல் 3 மாலை ஐந்தரை மணி வரை நீள்வது யாருக்கும் உதவாது.

வரைவில் எதைத் தேடுவது என்றால், எண்கள் தாமே கண்ணில் பட்டுவிடும். தப்பிப்பவை சொற்கள்: நாளை, இன்று மாலைக்குள், அடுத்த வெள்ளி, இந்த வாரக் கடைசி, மாத இறுதி, நள்ளிரவு, வேலை நாள், வழக்கம்போல். உடனே பதில் வரும் அரட்டையில் ‘நாளை’ என்று எழுதினால் பரவாயில்லை. மறுநாள் காலையில் திறக்கப்படும் கடிதத்தில் அதே ‘நாளை’ ஒரு நாள் தள்ளிப் போய்விடும். எல்லாம் திருத்திய பிறகு இன்னொரு தேடல் மிச்சம் இருக்கிறது. கெடு தேதி கடிதத்தின் உடலில் மட்டும் இருப்பதில்லை. பொருள் வரியில், இணைப்பின் முதல் பக்கத்தில், கோப்புப் பெயரில், நாட்காட்டி அழைப்பில் என்று நான்கைந்து இடத்தில் உட்கார்ந்திருக்கும். உடலில் ஏப்ரல் 2 ஆக்கிவிட்டு, பொருள் வரியில் 03/04 என்று விட்டால், கைப்பேசியில் அறிவிப்பை மட்டும் பார்ப்பவருக்குப் போய்ச் சேருவது பழைய கெடுதான். அதனால் பழைய தேதியை, அது எழுதப்பட்டிருக்கக்கூடிய எல்லா வடிவத்திலும், எல்லா இணைப்புகளிலும் தேடி, ஒன்றும் அகப்படவில்லை என்று பார்த்த பிறகே அனுப்பும் பொத்தானை அழுத்த வேண்டும்.